செய்தி மொழிபெயர்ப்புல 'யார் சொன்னது'ங்கிறது எங்கே தொலையுது

கேள்வி: இங்கிலீஷ் நியூஸ் ஆர்ட்டிகிளை தமிழ்ல பண்றப்போ மேற்கோள்ல இருக்கிறது, ஒருத்தர் சொன்னதா இருக்கிறது, நிருபர் தானே சொல்றது எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துடுது. எடிட்டர் 'இது யார் சொன்னது'ன்னு கேட்டு திருப்பி அனுப்புறார். எப்படி தனித்தனியா வச்சுக்கிறது?

முதல்ல ஒரு விஷயம், இது உங்க கவனக்குறைவுனால மட்டும் வர்றது இல்ல. தமிழ் வாக்கியம் கட்டுற விதத்துலயே இதுக்கான காரணம் பாதி இருக்கு. இங்கிலீஷ் நிருபர் விஷயத்தை முன்னாடி சொல்லிட்டு கடைசியில ஒரு கமா போட்டு 'போலீஸ் செட்'னு முடிச்சுடுவார். தமிழ்ல 'என்று'ங்கிற சொல் கூற்று எங்க முடியுதுன்னு மட்டும்தான் காட்டும், எங்க ஆரம்பிக்குதுன்னு காட்டாது. எழுத்துல இருக்கிற மேற்கோள்குறியை எடுத்துட்டா, ரெண்டு மூணு வாக்கியம் தள்ளி வர்ற ஒரே ஒரு 'என்று தெரிவித்தனர்' முன்னாடி எவ்வளவு தூரத்துக்கு போகுதுன்னு படிக்கிறவங்களுக்கு தெரியவே தெரியாது. நான் பார்த்த வரைக்கும் கலப்படம் முக்கால்வாசி இந்த ஒரு இடத்துல இருந்துதான் தொடங்குது, அதனால இதையே பிடிச்சுக்கிட்டு போறேன்.

ஒரு செய்தியை வச்சு பார்ப்போம், இது உதாரணத்துக்காக நானே கட்டினது. ஒரு கிடங்குல தீ விபத்து. இங்கிலீஷ்ல ஏழு வாக்கியம். முதல் வாக்கியம், செவ்வாய் அதிகாலை கிடங்குல தீ பிடிச்சு மூணு தொழிலாளிங்க இறந்தாங்க, கமா, அதிகாரிகள் சொன்னாங்க. ரெண்டாவது, இந்த பத்திரிகை பார்த்த முதற்கட்ட அறிக்கைபடி பேட்டரி சார்ஜ் பண்ற அறையிலதான் தீ ஆரம்பிச்சிருக்கு. மூணாவது கொஞ்சம் சிக்கலானது: பின்வாசல் பத்தி வந்த ரெண்டு எழுத்துபூர்வ எச்சரிக்கையை கண்டுக்காம விட்டார்னு தொழிற்சங்கம் சொல்ற கிடங்கு உரிமையாளர், தன் மேல தப்பு இல்லன்னு மறுத்தார். நாலாவது உரிமையாளரோட நேரடி மேற்கோள், 'செய்யச் சொன்னதை எல்லாம் செஞ்சோம்'னு, அதோட ஒட்டி, தண்ணி தெளிக்கிற கருவிகளை மார்ச்ல சோதிச்சாச்சுன்னும் அவர் சொன்னார். அஞ்சாவது, சங்கத் தலைவர் இதை 'நடக்கக் காத்திருந்த பேரழிவு'ன்னு புதன்கிழமை சொன்னார், கூடவே பின்கதவு பூட்டி இருந்ததால ஆளுங்க உள்ள மாட்டிக்கிட்டாங்கன்னும் சொன்னார். ஆறாவது, போன வருஷம் ஒரு திருட்டு நடந்ததுல இருந்து அந்த கதவு பூட்டியே இருந்தது. இதுக்கு யார் பேரும் இல்ல. ஏழாவது, புதன்கிழமை நிருபர் போனப்போ பின்கதவு கைப்பிடியில ஒரு சங்கிலி தொங்கிட்டு இருந்தது.

மொழிபெயர்க்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மூலத்துல ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்துல பொறுப்பாளி பேரை எழுதுங்க, பொறுப்பாளின்னா அந்த வாக்கியம் நாளைக்கு பொய்னு ஆச்சுன்னா யார் பதில் சொல்லணுமோ அவங்க. முதல் வாக்கியத்துக்கு அதிகாரிகள், ரெண்டாவதுக்கு அறிக்கை, ஆனா 'பார்த்தோம்'ங்கிறதுக்கு பத்திரிகை. மூணாவதுல ரெண்டு பேர் இருக்காங்க, சங்கமும் உரிமையாளரும், மறுத்தார்ங்கிற செயலை மட்டும் நிருபர் சொல்றார். ஏழாவது முழுக்க நிருபரோடது. வாக்கியத்துக்கு ஒரு பேர்னு நினைக்காம துண்டு துண்டா போடுங்க, ஒரே வாக்கியத்துக்குள்ள மூணு பேர் இருக்கிறது செய்தியில ரொம்ப சாதாரணம். பேர் போட முடியாத துண்டு எதுன்னு இப்பவே தெரிஞ்சுடும், நம்ம உதாரணத்துல அது ஆறாவது வாக்கியம், அதுக்கு பின்னாடி வர்றேன்.

இப்ப முதல் வாக்கியம். பழக்கத்துல நாம எழுதுறது 'செவ்வாய்க்கிழமை அதிகாலை கிடங்கு ஒன்றில் ஏற்பட்ட தீ விபத்தில் மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தனர் என்று அதிகாரிகள் தெரிவித்தனர்'. இது தப்பு இல்ல, ஒரு வாக்கியம், ஒரு கூற்று, கடைசியில ஆள். பிரச்சனை எப்ப வருதுன்னா ரெண்டாவது வாக்கியத்தையும் இதோட சேர்த்து, தமிழுக்கே இயல்பா வர்ற 'செய்து, எடுத்து, போய்' மாதிரியான எச்சங்களை வச்சு கோத்துடுறோம், 'பேட்டரி சார்ஜ் செய்யும் அறையில் தொடங்கிய தீ மளமளவெனப் பரவி மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்ததாக அதிகாரிகள் தெரிவித்தனர்'னு. படிக்க எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க. ஆனா பேட்டரி அறை விஷயம் அதிகாரிகள் சொல்லவே இல்ல, அது ஒரு அறிக்கையில இருந்தது, அதுவும் முதற்கட்ட அறிக்கை. அதிகாரிகள் வாயில நாம ஒரு காரணத்தை வச்சுட்டோம். அந்த காரணம் நாளைக்கு மாறினா 'அதிகாரிகள் பேச்சை மாத்திட்டாங்க'ன்னு ஒரு புது செய்தியே கிளம்பும். அதனால எனக்கு இருக்கிற கறாரான பழக்கம் இது ஒண்ணுதான்: ரெண்டு வெவ்வேறு ஆளுங்களுக்கு சொந்தமான விஷயத்தை ஒரே முற்றுவினைக்கு கீழ கொண்டு வர்றதில்ல. நடை கொஞ்சம் வெட்டு வெட்டா தெரிஞ்சாலும் பரவாயில்ல.

ஒரே ஆள் ரெண்டு மூணு வாக்கியம் தொடர்ந்து பேசினா, ஆளை முன்னாடி கொண்டு வந்துடுங்க. 'அதிகாரிகள் கூறியதாவது:'ன்னு போட்டுட்டு வரிசையா எழுதுறது பழைய பத்திரிகை நடை, ஆனா அதுக்கு ஒரு நல்ல காரணம் இருக்கு, கூற்று எங்க ஆரம்பிக்குதுன்னு காட்டுற வேலையை அது செய்யுது. அதுல ஒரே ஆபத்து, எங்க முடியுதுன்னு காட்ட மறந்துடுறது. 'கூறியதாவது'ன்னு திறந்தா 'இவ்வாறு அவர்கள் தெரிவித்தனர்'னு மூடணும், இல்லன்னா புது பாரா ஆரம்பிச்சு முதல் சொல்லுலயே வேற ஆளை நிறுத்தணும். அதே மாதிரி 'மேலும்'. வெறும் 'மேலும்'னு தொடங்கினா அது நிருபர் கூட்டிச் சொல்றதா, அந்த ஆளே கூட்டிச் சொல்றதான்னு தெரியாது. 'மேலும்' போட்ட வாக்கியத்துல ஆளை மறுபடி ஒருதடவை சொல்லிடுங்க, 'அவர்'னு ஒரு சொல் போதும்.

அடுத்தது ரொம்ப சின்ன விஷயம், ஆனா சேதம் பெருசு. 'ததாக'வும் 'ததை'யும். 'கதவு பூட்டியிருந்ததாகச் சங்கத் தலைவர் கூறினார்'னு எழுதினா அது அவரோட கூற்று, உண்மையா இல்லையான்னு செய்தி முடிவு பண்ணலை. 'கதவு பூட்டியிருந்ததைச் சங்கத் தலைவர் கூறினார்'னு எழுதினா கதவு பூட்டியிருந்ததை நாமளே உண்மைன்னு ஏத்துக்கிட்டு, அதை அவர் சொன்னார்னு மட்டும் சொல்றோம். ஒரே ஒரு வேற்றுமை உருபு, அதுல கூற்று நிருபரோட குரலா மாறிடுச்சு. 'கதவு பூட்டியிருந்தது பற்றி அவர் கூறினார்', 'பூட்டியிருந்தது என்பதை அவர் தெரிவித்தார்', இதுலயும் அதே வேலைதான் நடக்குது. வாய்விட்டு படிச்சுப் பார்த்தா காதுக்கு உடனே தெரியும், கண்ணுக்குத்தான் தப்பிச்சுடும். நீங்க முடிச்ச காப்பியில 'ததை', 'என்பதை', 'பற்றி' மூணையும் தேடிப் பாருங்க, ஒவ்வொரு இடத்துலயும் அந்த விஷயம் நிரூபணமானதா, மூலத்துல நிருபரே சொன்னதான்னு கேளுங்க. இல்லன்னா 'ததாக'வுக்கு மாத்துங்க.

வினைச்சொல்லும் இதே வேலையை செய்யும். சொன்னார், கூறினார், தெரிவித்தார் மூணும் யார் பக்கமும் சாயாது. சுட்டிக்காட்டினார், தெளிவுபடுத்தினார், அம்பலப்படுத்தினார், ஒப்புக்கொண்டார் இதெல்லாம் சொன்னது உண்மைன்னு நாமளே முத்திரை குத்துற வினைகள். இங்கிலீஷ்ல 'செட்'ங்கிற ஒரே சொல் ஏழு தடவை வந்தா நமக்கு கை அரிக்கும், ஒவ்வொரு இடத்துலயும் ஒரு புது வினை போடணும்னு தோணும், பள்ளிக்கூடத்துல கூறியது கூறல் குற்றம்னு படிச்சதோட விளைவு அது. செய்தியில அந்த பயம் வேண்டாம். 'தெரிவித்தார்' நாலு தடவை வந்தா யாருக்கும் நஷ்டம் இல்ல, ஆனா மூலத்துல வெறும் 'செட்'னு இருக்கிற இடத்துல 'ஒப்புக்கொண்டார்'னு போட்டீங்கன்னா ஒரு மனுஷன் குற்றத்தை ஏத்துக்கிட்டதா ஆயிடும். இதுக்கு நேர்மாறா, மூலத்துல நிருபர் நிஜமாவே 'அட்மிட்டட்'னு எழுதியிருந்தா அது அவர் எடை போட்டு எழுதின சொல், அதை மழுப்பி 'கூறினார்'னு ஆக்குறதும் தப்புதான்.

இந்த வரிசையில ரொம்ப மோசமானது 'விசாரணையில் தெரியவந்தது'. நம்ம செய்தி நடையில இது ஊறிப்போன சொற்றொடர். மூலத்துல 'புலனாய்வு செய்றவங்க சொல்றாங்க'ன்னு இருக்கும், நாம 'பின்கதவு பூட்டப்பட்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது'ன்னு எழுதிடுவோம். சொன்ன ஆள் மறைஞ்சுட்டார், அவர் சொன்னது கண்டுபிடிச்ச உண்மையா ஆயிடுச்சு. 'விசாரணை அதிகாரிகள் தெரிவித்தனர்'னு எழுதுறதுக்கு ஒரு சொல்தான் கூடுதல்.

இதுக்கு எதிர்ப்பக்கத்துல 'கூறப்படுகிறது' இருக்கு. 'அலெஜ்ட்லி'ன்னு பார்த்த உடனே கை தானா இதை டைப் பண்ணும். கூறப்படுகிறதுன்னா யாரால? மூலத்துல மேல ரெண்டு வரியில குற்றம் சாட்டினது யாருன்னு பெரும்பாலும் இருக்கும், அந்த ஆளை இங்க கொண்டு வந்து 'என்று சங்கம் குற்றம்சாட்டுகிறது'ன்னு எழுதிட்டா ரெண்டு பேருக்கும் நியாயம். மூலத்துலயே ஆள் இல்லன்னா மட்டும் 'கூறப்படுகிறது'. மூலம் உறுதியா சொல்றதுக்கு 'தொடங்கியிருக்கலாம் என்று கூறப்படுகிறது'ன்னு ரெண்டு சந்தேகத்தை அடுக்கவும் கூடாது, அது எச்சரிக்கையா இருக்கிறது மாதிரி தெரியும், ஆனா நிருபர் சொல்லாத சந்தேகம் அது. பேச்சுல நாம சர்வசாதாரணமா சொல்ற 'பூட்டியிருந்துச்சாம்'ங்கிற 'ஆம்' விகுதி செய்திக்கு ஆகாது. அது கேள்விப்பட்டதுன்னு மட்டும் சொல்லாது, 'எனக்கென்னவோ நம்பிக்கை இல்ல'ங்கிற ஒரு சாயலையும் சேர்த்தே கொண்டு வரும்.

இப்ப அந்த மூணாவது வாக்கியம். இங்கிலீஷ்ல பெயருக்கு பின்னாடி ரெண்டு கமாவுக்கு நடுவுல ஒரு துணை வாக்கியம் உட்கார்ந்திருக்கும், 'ஹூ, தி யூனியன் சேஸ், இக்னோர்ட்'னு. தமிழ்ல அதை அப்படியே பெயருக்கு முன்னாடி தூக்கி வைக்கிறப்போ நடுவுல இருக்கிற 'சங்கம் சொல்லுது' உதிர்ந்து போயிடும். 'இரண்டு எச்சரிக்கைகளைப் புறக்கணித்த உரிமையாளர் குற்றச்சாட்டை மறுத்தார்'. பெயரெச்சத்துக்கு ஆள் கிடையாது, அது எப்பவும் எழுதுறவரோட குரல்தான். 'புறக்கணித்த உரிமையாளர்'னு எழுதின நிமிஷமே புறக்கணிச்சார்னு நாமளே தீர்ப்பு சொல்லிட்டோம், அப்புறம் அதே வாக்கியத்துல அவர் மறுத்தார்னு எழுதினா அவர் பொய் சொல்றார்னுதான் படிக்கிறவங்களுக்கு படும். 'புறக்கணித்ததாகத் தொழிற்சங்கம் கூறும் உரிமையாளர்'னு எழுதலாம், இலக்கணப்படி சரி, ஆனா முழுங்க கஷ்டம். நான் ரெண்டா உடைச்சுடுவேன், முதல்ல சங்கம் சொல்றது ஒரு வாக்கியம், அப்புறம் உரிமையாளர் மறுத்தது ஒரு வாக்கியம். ஒரு மனுஷன் மேல குற்றம் சொல்ற செய்தியில 'லஞ்சம் வாங்கிய', 'தாக்கிய', 'ஏமாற்றிய' மாதிரி பெயரெச்சம் எதைப் பார்த்தாலும் அங்க நின்னு யார் சொன்னதுன்னு தேடுங்க, எடிட்டர் சிவப்பு மை போடுற இடம் பெரும்பாலும் அதுவாத்தான் இருக்கும்.

நேரடி மேற்கோளுக்கு வர்றேன். உரிமையாளர் சொன்னது: “எங்களைச் செய்யச் சொன்ன அனைத்தையும் செய்தோம்.” இது மேற்கோள்குறிக்குள்ள. அதுக்கு அப்புறம் ஒட்டி வர்ற மார்ச் சோதனை விஷயம் மூலத்துல குறிக்கு வெளிய இருக்கு, அதனால நம்ம பக்கமும் வெளியதான் இருக்கணும். ரெண்டையும் ஒரே ஆள்தானே சொன்னார்னு உள்ள தள்ளிடக்கூடாது. மேற்கோள்குறிங்கிறது 'இந்த சொற்களை இவர் சொன்னார்'னு குடுக்கிற உத்தரவாதம், குறிக்கு வெளிய இருக்கிறதுக்கு 'இந்த அர்த்தத்துல சொன்னார்'ங்கிற அளவுதான் உத்தரவாதம். இன்னொரு நுணுக்கமும் இருக்கு, 'நான்', 'நாங்கள்' குறிக்குள்ள மட்டும் வரட்டும், வெளிய வர்றப்போ 'தான்', 'தாங்கள்'. 'நாங்கள் கருவிகளைச் சோதித்துவிட்டோம் என்று அவர் கூறினார்'னு குறி இல்லாம எழுதினா அது நேரடியா, மறைமுகமான்னு யாராலயும் சொல்ல முடியாது, பேச்சுல அப்படித்தான் பேசுறோம், அதனாலதான் எழுத்துலயும் நழுவி வந்துடுது. 'தாங்கள் சோதித்துவிட்டதாக'ன்னு போட்டா அது மறைமுகக் கூற்றுன்னு உறுதியாயிடும், 'தாங்கள்'ங்கிறது இந்த இடத்துல சொன்னவரைத்தான் குறிக்கும், வேற யாரையும் குறிக்காது. வெறும் 'அவர்கள்'னு போட்டா சோதிச்சது யாருன்னு இன்னொரு குழப்பம் கூட சேரும்.

காலமும் கவனிக்கணும். இங்கிலீஷ்ல 'செட்'னு இறந்தகாலம் வந்தா உள்ள இருக்கிற வினையும் பின்னாடி தள்ளிப்போகும், 'ஹி செட் ஹி வாஸ் ரெடி'ன்னா பேசின நேரத்துல அவர் தயாரா இருக்கார்னு அர்த்தம் வரலாம். 'தான் தயாராக இருந்ததாகக் கூறினார்'னு எழுதினா இப்ப தயாரா இல்லன்னு ஆயிடும். தமிழ்ல சொன்ன நேரத்துல நின்னு சொல்லணும், 'தயாராக இருப்பதாகக் கூறினார்'. கிழமையும் அப்படித்தான். 'சங்கத் தலைவர் புதன்கிழமை கதவு பூட்டியிருந்ததாகக் கூறினார்'னு எழுதினா புதன்கிழமை பூட்டியிருந்ததா, புதன்கிழமை சொன்னாரான்னு தெரியல. தீ பிடிச்சது செவ்வாய்க்கிழமை! சொன்ன நாளை சொன்ன வினைக்கு ஒட்டியே வைங்க, 'கதவு பூட்டியிருந்ததாகச் சங்கத் தலைவர் புதன்கிழமை கூறினார்'.

அஞ்சாவது வாக்கியத்துல இருக்கிறது அரைகுறை மேற்கோள், ஒரு சொற்றொடரை மட்டும் குறிக்குள்ள போடுறது. இங்கிலீஷ்ல இது சகஜம், தமிழ்ல சொல்வரிசை மாறுறதால குறி தப்பான சொல் மேல உட்கார்ந்துடும். மூலத்துல குறிக்குள்ள என்ன பொருள் இருந்ததோ அது மட்டும் நம்ம குறிக்குள்ள இருக்கணும், ஒரு சொல் கூடக்கூடாது. 'என்றாவது ஒரு நாள் நடந்தே தீரவேண்டியிருந்த பேரழிவு' இது உள்ள, 'இந்தத் தீ விபத்து' வெளிய. துண்டு மேற்கோளை தமிழ்ல அழகா பிரிக்க முடியலன்னா குறியை எடுத்துட்டு மறைமுகக் கூற்றா ஆக்கிடலாம், அது அனுமதிக்கக்கூடிய நஷ்டம். ஆனா மறைமுகக் கூற்றா இருக்கிறதுக்கு நாம குறி போடுறது எந்த நிலையிலயும் கூடாது. மேற்கோள்ல இருந்து கூற்றுக்கு இறங்கலாம், கூற்றுல இருந்து மேற்கோளுக்கு ஏறக்கூடாது.

இதுல ஒரு ஸ்பெஷல் கேஸ். அந்த சங்கத் தலைவர் தமிழ்லயே பேசியிருந்தா? இங்கிலீஷ் பத்திரிகை அவர் பேச்சை மொழிபெயர்த்து குறிக்குள்ள போட்டிருக்கு, நாம அதை மறுபடி தமிழாக்கி குறிக்குள்ள போட்டா, அவர் சொல்லவே இல்லாத தமிழ் சொற்களை அவர் சொன்னதா தமிழ் ஆளுங்க முன்னாடியே வைக்கிறோம், அவரும் அதை படிப்பார். வீடியோவோ ஆடியோவோ கிடைச்சா அதைக் கேட்டு அவர் சொன்ன சொற்களையே போடுங்க. கிடைக்கலன்னா குறியை எடுத்துட்டு பொருளை மட்டும் குடுங்க. வேற எந்த மொழியில பேசினாலும் மொழிபெயர்ப்பு நடந்திருக்குன்னு வாசகருக்குத் தெரியும், மன்னிச்சுடுவாங்க. சொந்த மொழியில பேசினதை திரிச்சா அந்த மன்னிப்பு கிடையாது.

மேற்கோள்குள்ள சதுர அடைப்பு இருந்தா அது நிருபர் நுழைச்சது, பேசினவர் 'அவங்க'ன்னு சொல்லியிருப்பார், நிருபர் அதை எடுத்துட்டு அடைப்புக்குள்ள 'அதிகாரிகள்'னு போட்டிருப்பார். அந்த அடைப்பை கலைச்சுட்டா நிருபரோட சொல் பேசினவர் வாய்க்குள்ள போயிடும். அடைப்பை அப்படியே வைங்க, இல்ல மேற்கோளை அதுக்கு முன்னாடியே வெட்டி வெளிய எழுதுங்க.

நிருபரோட குரல்ல தமிழுக்கே உரிய ஒரு வம்பு இருக்கு, மரியாதை. இங்கிலீஷ்ல 'ஹி'ங்கிறது ஒண்ணுதான். நாம அதிகாரிக்கு 'அவர்', கைதானவருக்கு 'அவன்'னு பிரிச்சா, மூலத்துல நிருபர் சொல்லாத ஒரு தீர்ப்பை நாம விகுதியில எழுதிட்டோம். நிருபர் குரல் வர்ற இடத்துல எல்லாருக்கும் ஒரே மரியாதை, கைதானவருக்கும் 'அவர்'தான், இதுல எனக்கு சமரசமே இல்ல. மேற்கோளுக்குள்ள கோபமா இருக்கிற ஒரு ஆள் பேசினா 'அவன்'னு வரலாம், அது அவரோட குரல். பேச்சுவழக்கும் அப்படித்தான், செய்தி எழுத்துத்தமிழ்ல ஓடுறப்போ மேற்கோளை பேச்சுத்தமிழ்ல வச்சா ரெண்டு குரலும் பளிச்சுன்னு பிரியும், நல்ல உத்தி. ஆனா தொழிலாளிக்கு மட்டும் பேச்சுத்தமிழ், உரிமையாளருக்கு எழுத்துத்தமிழ்னு வச்சா அது வேற விதமான ஓரவஞ்சனை. வச்சா எல்லாருக்கும் வைங்க.

சரி, ஆள் இல்லாத ஆறாவது வாக்கியம். திருட்டுக்கு அப்புறம் கதவு பூட்டியே இருந்ததுன்னு சொல்றது சங்கத் தலைவரா, நிருபரா? இங்கிலீஷ் நடையில ஒருத்தர் பேச்சைத் தொடர்ந்து வர்ற பேர் இல்லாத வாக்கியம் அவர் பேச்சோட நீட்சியா இருக்கலாம், நிருபர் தனியா உறுதி பண்ணின பின்னணியாவும் இருக்கலாம். தமிழ்ல அதை வெறுமனே போட்டா நிருபர் சொல்றதாத்தான் படிப்பாங்க. முதல்ல கேளுங்க, எழுதினவங்களை, இல்ல டெஸ்க்கை. கேட்க வழியே இல்லன்னா நான் அதை வெறுமனேதான் விடுவேன், தனி வாக்கியமா, அதே இடத்துல. ஏன்னா 'என்று அவர் கூறினார்'னு நானா சேர்த்தா ஒரு பேர் உள்ள மனுஷன் சொல்லாததை சொன்னதா ஆக்குறேன், சும்மா விட்டா தன் பேர்ல அச்சடிச்ச பத்திரிகையே அதுக்கு பொறுப்பு. அந்த வாக்கியம் யார் மேலயாவது குற்றம் சொல்றதா இருந்தா மட்டும், எடிட்டர்கிட்ட சொல்லிட்டு எடுத்துடுறது நல்லது.

ஏழாவது வாக்கியத்தை அஞ்சாவதோட சேர்க்கணும்னு கை துடிக்கும். 'கதவு பூட்டியிருந்ததாகத் தலைவர் கூறினார், நிருபர் சென்றபோது சங்கிலியும் அங்கு காணப்பட்டது'ன்னு. அந்த ஒரு 'உம்'மும் 'அங்கு'வும் சேர்ந்து நிருபர் தலைவரோட கூற்றுக்கு சாட்சி சொல்ற மாதிரி ஆயிடுச்சு. நிருபர் பார்த்தது என்ன, புதன்கிழமை தொங்குற ஒரு சங்கிலி. செவ்வாய்க்கிழமை கதவு பூட்டியிருந்ததான்னு அவர் சொல்லவே இல்ல.

இதெல்லாம் வச்சு என் காப்பி இப்படி வரும்:

'கிடங்கு ஒன்றில் செவ்வாய்க்கிழமை அதிகாலை ஏற்பட்ட தீ விபத்தில் மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்ததாக அதிகாரிகள் தெரிவித்தனர். இப்பத்திரிகை பார்த்த முதற்கட்ட அறிக்கையின்படி, பேட்டரி சார்ஜ் செய்யும் அறையில் தீ தொடங்கியுள்ளது.

பின்வாசல் தொடர்பாக எழுத்துபூர்வமாக வந்த இரண்டு எச்சரிக்கைகளைக் கிடங்கின் உரிமையாளர் புறக்கணித்ததாகத் தொழிற்சங்கம் கூறுகிறது. தன் மீது தவறில்லை என்று உரிமையாளர் மறுத்தார். “எங்களைச் செய்யச் சொன்ன அனைத்தையும் செய்தோம்” என்றார் அவர். நீர் தெளிக்கும் கருவிகள் மார்ச் மாதம் சோதிக்கப்பட்டதாகவும் அவர் தெரிவித்தார்.

தொழிற்சங்கத் தலைவர் இந்தத் தீ விபத்தை “என்றாவது ஒரு நாள் நடந்தே தீரவேண்டியிருந்த பேரழிவு” என்று புதன்கிழமை குறிப்பிட்டார். பின்கதவு பூட்டியிருந்ததால் தொழிலாளர்கள் உள்ளே சிக்கிக்கொண்டதாகவும் அவர் கூறினார். கடந்த ஆண்டு நடந்த திருட்டுக்குப் பிறகு அந்தக் கதவு பூட்டியே வைக்கப்பட்டிருந்தது.

நமது நிருபர் புதன்கிழமை சென்றபோது, பின்கதவின் கைப்பிடியில் ஒரு சங்கிலி தொங்கிக்கொண்டிருந்தது.'

இதுலயே ஒரு இடம் இன்னும் உறுத்தும், 'பூட்டியிருந்ததால்'. அந்த 'ஆல்' உள்ள ஒரு உண்மையை ஒளிச்சு வைக்குது, உள்ள சிக்கினது மட்டும் தலைவர் கூற்று, பூட்டியிருந்தது ஊரறிஞ்சதுன்னு யாராவது படிக்கலாம். பூட்டு விஷயமே சர்ச்சையா இருந்தா 'பின்கதவு பூட்டியிருந்தது என்றும், அதனால் தொழிலாளர்கள் உள்ளே சிக்கிக்கொண்டனர் என்றும் அவர் கூறினார்'னு ரெண்டு 'என்றும்' போட்டு எழுதிடுங்க. நீளம்தான், ஆனா ரெண்டுமே அவர் தலையில பத்திரமா இருக்கும். 'இப்பத்திரிகை', 'நமது நிருபர்'னு எழுதுறதும் உங்க பத்திரிகையோட சொந்த செய்தியா இருந்தாத்தான். வேற பத்திரிகையோட செய்தியை மொழிபெயர்க்கிறீங்கன்னா அந்த பத்திரிகை பேரைப் போட்டு 'அதன் நிருபர்'னு எழுதணும், இல்லன்னா அவங்க பார்த்ததை நீங்க பார்த்ததா ஆயிடும்.

தலைப்பு தனி கதை, இடம் இல்லன்னு முதல்ல வெட்டுறது ஆளைத்தான். 'பின்கதவு பூட்டியிருந்ததால் 3 பேர் பலி'ன்னு தலைப்பு வச்சா உள்ள நீங்க பார்த்துப் பார்த்து பண்ணின வேலை எல்லாம் வீண். 'பின்கதவு பூட்டியிருந்தது: தொழிற்சங்கம்'னு ஒரு முக்கால்புள்ளி போட்டு ஆளை நிறுத்தினா போதும், இடமும் அவ்வளவா பிடிக்காது.

முடிச்ச பிறகு மூலத்தை மூடிட்டு தமிழ் காப்பியை மட்டும் வச்சு, அதே மாதிரி ஒவ்வொரு துண்டுக்கும் பொறுப்பாளி பேரை மறுபடி எழுதுங்க, நீங்க பண்றதைவிட மூலத்தைப் படிக்காத இன்னொருத்தர் பண்ணினா இன்னும் நல்லது. அப்புறம் முதல்ல மூலத்துல எழுதின பேர்களோட ஒத்துப் பாருங்க. பேர் மாறியிருக்கிற இடத்தையும், 'தெரியல'ன்னு வந்த இடத்தையும் மட்டும் திருத்தினா போதும், மத்ததை நோண்டாதீங்க.